ஸ்கேன் பட்டனுக்குக் கடைசி வேலை: உள்ளறை ஆன்டெனாவோடு மூன்று வருடம்

நான் வாங்கியது ஒரு தாள் மாதிரியான தட்டை ஆன்டெனா. எழுதும் தாள் அளவுதான் இருக்கும். மூன்று மீட்டர் கேபிள், நடுவில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு யுஎஸ்பி வயர். முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டி, ஆட்டோ ஸ்கேன் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நிறைய சேனல்கள் வந்திருந்தன. ஆனால் அம்மா பார்க்கும் செய்திச் சேனல் மட்டும் இல்லை. அதோடு இன்னும் நான்கு சேனல்களும் இல்லை.

அந்த வாரம் மட்டும் பத்துப் பதினைந்து தடவை ஸ்கேன் போட்டிருப்பேன். ஆன்டெனாவைக் கொஞ்சம் நகர்த்துவது, ஸ்கேன் போடுவது, எட்டு நிமிடம் காத்திருப்பது, ஏமாறுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு சாவியைத் தேடுகிற வேலைதான் அது என்று பிறகுதான் உறைத்தது.

டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு அலைவரிசைக்கு ஒரு சேனல் என்ற பழைய கணக்கு இல்லை. ஒரே அலைவரிசையில் பல சேனல்களை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். மூட்டை வந்தால் உள்ளே இருப்பது எல்லாம் வரும், வராவிட்டால் எதுவுமே வராது. எனக்கு ஐந்து சேனல்கள் இல்லை என்றால், உண்மையில் இல்லாதது ஒரே ஒரு அலைவரிசை. எனக்குக் கிடைக்க வேண்டிய மூட்டைகள் நான்கு: 490, 546, 586, 666 மெகாஹெர்ட்ஸ். காணாமல் போனது 546. அதற்குக் கீழே உள்ளதும் மேலே உள்ளதும் நன்றாக வருகின்றன. நான்கும் ஒரே கோபுரத்திலிருந்து வருபவை. அப்படியிருக்க இது தூரத்தால் வந்த பிரச்சினை இல்லை. வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது.

ஸ்கேன் என்பது சிக்னலைத் தேடிப் பிடித்து இழுத்து வரும் வேலை இல்லை. டிவி ஒவ்வொரு அலைவரிசையிலும் சில நொடி நிற்கிறது. அந்த நொடியில் மூட்டையைப் பிரிக்க முடிந்தால் பட்டியலில் எழுதிக்கொள்கிறது, முடியாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அது வெறும் கணக்கெடுப்பு. ஆன்டெனாவுக்கு இடம் பார்க்க அது உதவாது.

இடம் பார்க்க உதவுவது Manual Scan பக்கம். என் டிவியில் அங்கே அலைவரிசை எண்ணைக் கொடுத்தவுடனே Signal Strength, Signal Quality என்று இரண்டு பட்டைகள் தெரியும். ஸ்கேனைத் தொடங்கவே வேண்டாம், பட்டைகள் தாமாக ஏறி இறங்கும். சில டிவிகளில் அந்தப் பட்டைகள் சேனல் ஓடும்போது தகவல் மெனுவுக்குள் இருக்கும். எங்கே இருந்தாலும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முழு வேலையும் அதில்தான்.

முதல் பட்டை சிக்னலின் பலம், அதாவது எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. இரண்டாவது தரம், வந்ததில் எவ்வளவு பிழையில்லாமல் படிக்க முடிகிறது என்பது. பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறும், ஆனால் எதிரொலியில் ஒரு வார்த்தையும் புரியாது இல்லையா, அதுதான் பலம் இருந்தும் தரம் இல்லாத நிலை. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக வரும், நாமும் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருப்போம். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒன்றுமே இருக்காது. படம் பளிச்சென்று இருக்கும்போது எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்பதைத் தரப் பட்டை மட்டும்தான் சொல்லும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் ஒவ்வொரு கம்பெனி டிவியிலும் ஒவ்வொரு அளவுகோல். என் 70 உங்கள் 70 இல்லை.

டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்தபோது 546-க்குப் பலம் 62, தரம் 10-ஐச் சுற்றித் தத்தளித்தது. ஆன்டெனாவைச் சுவரோடு அரைச் சாண் பக்கவாட்டில் நகர்த்தினேன். பத்து நொடி பொறுத்தேன், பட்டை உடனே மாறாது. தரம் 48. கொஞ்சம் தள்ளினேன், 70. இன்னும் அரைச் சாண் போனால் மறுபடி 20-க்கு விழுந்தது. பலம் இந்த நேரமெல்லாம் பெரிதாக மாறவில்லை.

காரணம் எளிமையானது. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையோடு, சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலையும் ஆன்டெனாவுக்கு வருகிறது. ஓரிடத்தில் இரண்டும் கைகோக்கும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 546 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 55 சென்டிமீட்டர். எதிரெதிராக வரும் இரண்டு அலைகள் சேரும்போது, அவை கைகோக்கும் மேட்டுக்கும் அடித்துக்கொள்ளும் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரம் அதில் கால் பங்கு, அதாவது 14 சென்டிமீட்டர். அரைச் சாணுக்குக் கொஞ்சம்தான் அதிகம்! ஆன்டெனாவை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அரைச் சாண் கணக்கில் நகர்த்தவே இல்லை. பள்ளம் விழும் இடம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறுவதால்தான் அக்கம்பக்கத்து மூட்டைகள் நன்றாக வந்தும் நடுவில் ஒன்று மட்டும் செத்துப்போகிறது.

546-ஐப் பிடித்த சந்தோஷத்தில் அங்கேயே டேப் போட்டு ஒட்டிவிட்டேன். மறுநாள் 666 உடைந்தது. இன்னொரு பாடம். ஒரு மூட்டைக்கு நல்ல இடம் இன்னொன்றுக்குப் பள்ளமாக இருக்கலாம். அதன்பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுத ஆரம்பித்தேன்: இடம், நான்கு மூட்டைகளின் தரம். எந்த இடத்தில் சராசரி அதிகம் என்று பார்க்கக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் நான்கில் மிகக் குறைந்த எண்ணைப் பார்த்து, அந்த எண் எங்கே அதிகமோ அதுதான் இடம். ஒரு இடத்தில் 546-க்கு 90 கிடைத்தது, ஆனால் 666 முப்பதில் கிடந்தது. கடைசியில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நான்கும் முறையே 85, 72, 80, 64 என்று நின்றன. கண்ணாடியிலேயே ஒட்டியபோது அந்த அளவு வரவில்லை, எங்கள் ஜன்னலில் இரும்புக் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடியாக இருந்தால் அதுவும் சிக்னலை நன்றாகவே தடுக்கும்.

இடம் உறுதியான பிறகு ஒரே ஒரு தடவை ஸ்கேன் போட்டேன். நான்கு மூட்டைகளும் வந்து உட்கார்ந்தன.

கையில் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள். நான் பிடித்திருந்தால் தரம் 75, கையை எடுத்தால் 30. "டேய், அப்படியே நில்லு, இப்பத்தான் படம் வருது" என்று அம்மா சொல்ல, சிலை மாதிரி நின்ற நாளும் உண்டு. நம் உடம்பும் அலையைத் தடுக்கும், திருப்பிவிடும். டேப்பில் ஒட்டிவிட்டு, இரண்டடி விலகி நின்றுதான் எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு எல்லோரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்க, கதவை வழக்கம்போல் சாத்திவிட்டு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். அம்மாவின் நாற்காலியை ஓரடி நகர்த்தியதில் எனக்கு ஏழெட்டுப் புள்ளிகள் கிடைத்தன.

அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றி. மாட்டினால் பலம் 62-லிருந்து 95-க்குத் தாவியது, பார்க்கப் பெருமையாக இருந்தது. தரமோ குறைந்தது. அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது, தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கிறது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் அதுவே திணறி, நன்றாக வந்த மூட்டையையும் கெடுக்கும். நீளமான கேபிள் போட்டால், அல்லது ஒரே ஆன்டெனாவை இரண்டு டிவிக்குப் பிரித்தால் அதற்கு வேலை உண்டு. அப்போதும் அது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டிவி பக்கத்தில் வைத்தால், வழியில் இழந்ததை அது மீட்டுத் தராது. என்னுடையது மூன்று வருடமாக மேஜை இழுப்பறையில் தூங்குகிறது.

இரண்டாவது வருடத்தில் சாயங்காலமானால் 490 மட்டும் உடைய ஆரம்பித்தது. பகலில் ஒன்றுமில்லை. வானிலை, மரம் என்று பலவற்றைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி ஆன்டெனாவுக்குக் கீழே புதிதாக மாட்டிய எல்இடி பல்ப். ஸ்விட்ச்சை அணைத்தால் தரம் 50-லிருந்து 83-க்கு ஏறியது, போட்டால் விழுந்தது. சில பல்புகளுக்குள் இருக்கும் மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கக்கும். வேறு பல்ப் மாட்டினேன், சரியாகிவிட்டது. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உடைகிறது என்றால், அந்த நேரத்தில் வீட்டில் எது ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் திரையில் புதுச் சேனல்கள் இருக்கின்றன, ஸ்கேன் செய்யவா என்று கேட்டது. வீட்டைப் பெருக்குவதற்காக ஆன்டெனாவைக் கழற்றி சோபா மேல் போட்டிருந்ததை மறந்து சரி கொடுத்துவிட்டேன். ஆட்டோ ஸ்கேன் என் டிவியில் பழைய பட்டியலை அழித்துவிட்டுத்தான் தொடங்கும். பாதிச் சேனல்கள் போயின, அம்மா வரிசைப்படுத்தி வைத்திருந்ததும் போயிற்று. இப்போது ஏதாவது விட்டுப்போனால் அந்த அலைவரிசைக்கு மட்டும் மேனுவல் ஸ்கேன் போடுகிறேன். அது இருப்பதை அழிக்காமல் புதியதைச் சேர்க்கிறது.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். எனக்கு வரும் நான்கும் யுஎச்எஃப் அலைவரிசைகள், அதற்கு இந்தத் தட்டை ஆன்டெனா போதும். உங்களுக்கு வேண்டிய மூட்டை அதைவிடக் கீழே, 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விஎச்எஃப்-இல் இருந்தால், அங்கே அலையின் நீளம் ஒன்றரை மீட்டர். இவ்வளவு சின்னத் தாள் அதற்குத் திணறும். பழைய பாணியில் இரண்டு கம்பி நீட்டும் ஆன்டெனாதான் பொருந்தும், ஒவ்வொரு கம்பியும் 37 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டி.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் நனைந்து காற்றில் ஆடினால் 666-இன் தரம் 64-லிருந்து நாற்பதுக்கும் கீழே ஊசலாடும், படம் அவ்வப்போது கட்டம் கட்டும். அதற்கு வெளியே ஆன்டெனா வைப்பதுதான் வழி, அந்த மூட்டையில் நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு சேனல் என்பதால் விட்டுவிட்டேன்.