ஐபோன் அப்டேட்: கேபிளா, வைஃபையா?

பெரும்பாலான நாட்களில் வைஃபை வழியே போதும். போனுக்குத் தேவையான மாறுதல்கள் மட்டும் இறங்குவதால் டவுன்லோடு சிறியது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜரில் போட்டு வையுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கேபிளும் பழைய லேப்டாப்பும்தான் கையில் இருக்கிறது என்றால் வைஃபையே பாதுகாப்பு. நடுவில் கேபிள் கழன்றால் போன் ரெக்கவரி திரையில் போய் நின்றுவிடலாம்.

ஆனால் 64 ஜிபி போனில் 2 ஜிபிதான் மிச்சம் என்று வையுங்கள். வைஃபை அப்டேட்டுக்கு, இறங்கும் ஃபைலை வைக்கவும் பிரிக்கவும் போனிலேயே இடம் வேண்டும். அதற்காகக் கல்யாணப் போட்டோக்களை அழிக்க உட்கார வேண்டாம். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து போனை இணைத்தால், பல ஜிபி அளவுள்ள முழு ஃபைலும் கம்ப்யூட்டரில்தான் இறங்கும். போனில் அவ்வளவு காலி இடம் தேவைப்படாது. முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

போன் ஆப்பிள் லோகோவிலேயே நின்றுவிட்டால் கேபிள்தான் கைகொடுக்கும். போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து ரெக்கவரி நிலைக்குக் கொண்டுபோனதும், கம்ப்யூட்டர் திரையில் Update, Restore என்று இரண்டு பட்டன்கள் வரும். அவசரத்தில் Restore அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். முதலில் Update கொடுங்கள், அது டேட்டாவை அழிக்காமல் மென்பொருளை மட்டும் மீண்டும் நிறுவப் பார்க்கும். டவுன்லோடு 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்தத் திரையை விட்டு வெளியே வந்துவிடலாம். பயப்படாதீர்கள், டவுன்லோடு முடிந்த அப்புறம் மறுபடி ரெக்கவரி நிலைக்குக் கொண்டுபோய் Update கொடுங்கள்.