சிக்னல் இல்லாத லயத்தில் யூடியூப் டவுன்லோட்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

யூடியூப் ஆப்புக்குள்ளேயே இருக்கும் `Download` பட்டனைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வேறு ஆப் எதையும் போடாமல், மாதக் கட்டணம் எதுவும் கட்டாமல், அக்கா மகளின் சாதாரண தரப் பாடங்களுக்காக இதை நீண்ட நாளாகப் பாவித்து வருகிறோம். நல்ல வசதிதான். ஆனால் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று புரியாதவர்கள்தான் "இது சரிவராது" என்று சொல்லிவிட்டுக் பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் கண்ட ஏபிகே ஃபைலைத் தேடிப் போகிறார்கள்.

எங்கள் நிலைமை இதுதான். எனக்கு ஹட்டன் டவுனில் வேலை, வீடு மஸ்கெலியாவுக்கு மேலே தோட்டத்தில். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. தகரக் கூரையும் முன்னால் நிற்கும் மலையும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. கோயில் மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும். மே மாதம் மழை பிடித்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். இந்த இடத்தில் கணித வகுப்பை நேரடியாக ஓட விட்டுப் பார்ப்பது நடக்காத காரியம்.

அதனால் ஒரு பழைய போனை இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். சிம் இல்லை. காலையில் அதை நான் வேலைக்கு எடுத்துப் போவேன். கடை வைஃபையில் பாடங்களை இறக்கி மாலை பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பேன். என்னென்ன வேண்டும் என்று பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும்.

இறக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது தரம். பணம் கட்டாத கணக்கில் எனக்குக் கிடைப்பது 144p, 360p இரண்டும்தான். அதற்கு மேல் தொட்டால் பிரீமியம் வாங்கச் சொல்கிறது. ஆரம்பத்தில் இடம் மிச்சம் பிடிக்க 144p போட்டோம். வரலாறு, தமிழ் இலக்கியம் மாதிரி ஆசிரியர் பேசிக்கொண்டே போகும் பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். கணிதத்துக்கு உதவாது. இருபடிச் சமன்பாட்டில் x² என்று பலகையில் எழுதினால் மேலே இருக்கும் அந்தச் சின்ன 2 கரைந்து ஒரு புள்ளியாகத் தெரியும். குறி சகவா சயவா என்றே மட்டுக்கட்ட முடியாது. பிள்ளை ஒரு கணக்கை முழுக்கத் தப்பாகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தது இதனால்தான். 360p-இல் அந்தக் கரைச்சல் இல்லை. முக்கால் மணி நேரப் பாடம் ஒன்று பெரும்பாலும் 100 எம்பிக்கும் 200 எம்பிக்கும் இடையில் வரும். பலகை மட்டும் தெரிகிற வீடியோ குறைவாகவும், ஆசிரியர் அங்குமிங்கும் நடக்கிற வீடியோ கூடவும் இடம் பிடிக்கும். எனவே கணிதமும் விஞ்ஞானமும் 360p, மற்றவை 144p என்று வைத்துக்கொண்டோம்.

சரி, அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். பணம் கட்டாத கணக்கில் இறக்கிய வீடியோ இணையத் தொடர்பு இல்லாமல் 48 மணி நேரம் ஓடும். பிரீமியத்தில் இது ஏறத்தாழ ஒரு மாதம். நேரம் முடிந்ததும் வீடியோ அழிவதில்லை, பூட்டப்படுகிறது, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இருக்கும், போனில் அது பிடித்த இடமும் அப்படியே இருக்கும், தொட்டால் மட்டும் ஓடாது. மீண்டும் ஒருமுறை இணையத்தில் சேர்ந்தால் ஆப் யூடியூப்புடன் சரிபார்த்துக்கொண்டு நேரத்தைப் புதுப்பித்துவிடும். வீடியோவை முதலிலிருந்து இறக்க வேண்டியதில்லை.

வார இறுதியில் இது எப்படி உதைக்கும் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கடையில் இறக்குகிறேன். சனிக்கிழமை துணி துவைக்க, தண்ணீர் சுமக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று பிள்ளைக்கு நேரம் போய்விடும். ஞாயிறு இரவு சாப்பிட்ட பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்காரும். அப்போது பார்த்து, "மாமா, எந்தப் பாடமும் ஓட மாட்டேங்குது. எல்லாம் அழிஞ்சிருச்சா?" ஒன்றும் அழியவில்லை. 5 மணிக்கே 48 மணி நேரம் முடிந்துவிட்டது.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. சனிக்கிழமை மாலை பழைய போனைக் கோயில் மேட்டுக்குக் கொண்டுபோய், என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, யூடியூப்பைத் திறந்து `Downloads` பட்டியலைச் சில நிமிடம் திரையில் வைத்திருப்போம். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வந்தால் போதாது, ஆப் திறந்திருப்பதுதான் நிச்சயம். பிறகு பட்டியலில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று தொட்டுப் பார்ப்போம். மூன்றும் ஓடினால் திங்கள் மாலை வரை கவலை இல்லை. செலவாகும் டேட்டா ஒரு பாடத்தை இறக்குவதோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. ஆனால் அமைப்புகளில் `Download over Wi-Fi only` என்பதைப் போட்டிருந்தாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். ஹாட்ஸ்பாட்டும் போனுக்கு ஒரு வைஃபை மாதிரிதான். அரைகுறையாக நின்ற டவுன்லோட் ஏதாவது இருந்தால், தொடர்பு கிடைத்ததும் அது தானாகவே மறுபடி தொடங்கி உங்கள் டேட்டா கார்டைக் குடித்துவிடும். அப்படி நின்றவற்றை முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் நான் ஹாட்ஸ்பாட்டைப் போடுவேன்.

இணையத்தில் சேரும்போது இன்னொன்றும் நடக்கும். பாடத்தைப் போட்டவர் அதை நீக்கியிருந்தாலோ, பிரைவேட் ஆக்கியிருந்தாலோ, உங்கள் போனில் இருக்கும் பிரதியும் அப்போது போய்விடும். பரீட்சை நெருங்கும்போது சிலர் இலவசப் பாடங்களை எடுத்துவிடுவதுண்டு. அதனால் முக்கியமான பாடம் என்றால் முதல் தடவை பார்க்கும்போதே கொப்பியில் குறிப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லா வீடியோவும் இறங்கும் என்றும் நினைக்க வேண்டாம். சிலவற்றில் பட்டனைத் தொட்டாலே பிரீமியம் விளம்பரம்தான் வரும். அதே பாடத்தை வேறு ஆசிரியர் செய்திருப்பார், அதைத் தேடி எடுப்பேன்.

இறக்கியது கேலரியில் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். இருக்காது. அது ஆப்புக்குள் பூட்டிய நிலையில், அந்தக் கணக்கோடு சேர்ந்துதான் இருக்கும். வாட்ஸப்பில் இன்னொருவருக்கு அனுப்ப முடியாது, மெமரி கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் ஓடாது. யூடியூப்பின் ஆப் டேட்டாவை அழித்தால் எல்லாம் போய்விடும், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே கதிதான். போனில் இடம் போதாதென்று ஏதோ "கிளீனர்" ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்கை மாற்றினாலும் பட்டியல் காணாமல் போகும். அதனால் பழைய போனில் ஒரே ஒரு கூகுள் கணக்குத்தான் வைத்திருக்கிறோம்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஏன் மாரடிக்க வேண்டும், கேலரிக்கே இறக்கித் தரும் ஆப்கள்தான் கிடக்கின்றனவே என்று கேட்கலாம். அத்தான் அப்படி ஒன்றைத்தான் போட்டிருந்தார். பிளே ஸ்டோரில் கிடைக்காத ஆப், யாரோ போனுக்குப் போன் அனுப்பியது. வீடியோ நன்றாகவே இறங்கியது. ஆனால் ரீலோட் போட்டால் மறுநாள் காசு குறைந்திருக்கும். கேட்டே இராத ஏதோ சேவைக்குச் சந்தாவாகச் சேர்ந்துவிட்டதாக ஒரு குறுகிய இலக்கத்திலிருந்து எஸ்எம்எஸ் வரும். அக்கா அவர் மேல் சந்தேகப்பட்டதுதான் மிச்சம்.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? சில கட்டணச் சேவைகளில் சேர கார்டு இலக்கம் எதுவும் தேவையில்லை. மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்து உறுதிப்படுத்தும் பட்டனைத் தொட்டாலே, எந்த இலக்கம் என்று வலையமைப்புக்குத் தெரியும், காசு ரீலோட்டிலிருந்து கழியும். கெட்ட ஆப் செய்வது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கத்தைப் பின்னணியில் திறந்து தானே அந்தப் பட்டனை அழுத்துவது. உறுதிப்படுத்தும் இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் வந்தால் அதைப் படிக்கவும் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருக்கும். 2019-இல் அப்ஸ்ட்ரீம் என்ற மொபைல் பாதுகாப்பு நிறுவனம் மிகப் பிரபலமான வீடியோ டவுன்லோடர்களில் இப்படிப்பட்ட பின்னணி வேலைகளைக் கண்டதாக அறிக்கை வெளியிட்டது. ஆகவே இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமில்லை. வீடியோ இறக்கும் ஆப் ஒன்று எஸ்எம்எஸ் படிக்கவோ, மற்ற ஆப்களின் மேல் தோன்றவோ, அணுகல்தன்மை சேவையை இயக்கவோ அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வேலைக்கு அவை ஒன்றுமே தேவையில்லை.

அத்தானின் போனில் அந்த ஆப்பை அழித்தோம், பிளே ஸ்டோருக்குள் இருக்கும் பிளே புரொடெக்ட் சோதனையை ஓட்டினோம், தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ பிரவுசருக்குக் கொடுத்திருந்த அனுமதியை எடுத்தோம். அப்புறமும் காசு போனது. ஆப்பை அழித்தாலும் சந்தா வலையமைப்புப் பக்கம் உயிரோடுதான் இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, அந்த இலக்கத்தில் இருக்கும் எல்லாக் கட்டணச் சேவைகளையும் நிறுத்தச் சொன்ன பிறகுதான் ரீலோட் தங்கியது.

மற்ற ஆப்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேஸ்புக்கில் வீடியோவைச் "சேமி" என்று கொடுத்தால் போனில் எதுவும் இறங்குவதில்லை, பிறகு பார்க்க அடையாளம் வைப்பது மட்டும்தான். அதை நம்பி மலைக்கு ஏறி வந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். டிக்டொக்கில் போட்டவர் அனுமதித்திருந்தால் `Save video` என்பது நிஜமாகவே கேலரிக்கு இறக்கும். வாட்ஸப்பில் ஆசிரியர் பலகைப் பாடத்தைச் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது நெருக்கப்பட்டு எழுத்து மங்கிவிடும், டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேலரியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முறையான வழியும் அதுதான், சொந்தமாகப் பாடம் செய்தவரே கொடுக்கிறார் அல்லவா?

இப்போது பழைய போனின் பற்றரி வீங்கத் தொடங்கிவிட்டது. வேறு போன் வாங்கினால் இருக்கும் பாடங்களை அப்படியே மாற்ற வழியில்லை, கடை வைஃபையில் முதலிலிருந்து இறக்க வேண்டும். பிள்ளையிடம் சொன்னேன். பார்த்து முடித்த பாடங்களை எல்லாம் வெட்டிவிட்டு, தேவையானவற்றை மட்டும் புதுக் காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கேத்திர கணிதம்.