ஐந்து நட்சத்திர விற்பனையாளரிடம் வாங்கிய ஐபோன், அன்று இரவே பூட்டிக்கொண்டது

சமூக வலைத்தளத்தின் மார்க்கெட்பிளேஸில் பழைய போன் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். குறிப்பாக, பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் ஏமாற வழியில்லை என்று நினைப்பவர்கள். நானும் என் நண்பனும் அப்படித்தான் போனோம். ஐபோனைக் கையில் வாங்கி, அதிலிருந்து என் எண்ணுக்கு அழைத்து, கேமரா, ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. அன்று இரவு அந்தப் போன் தானாகப் பூட்டிக்கொண்டது. இன்றுவரை திறக்கவில்லை.

விளம்பரத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. படங்கள் இணையத்தில் எடுத்தவை அல்ல, அதே போன்தான். ஓரத்தில் இருந்த சிறு கீறலைக்கூட மறைக்காமல் படம் போட்டிருந்தார்கள். விலை மற்றவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. விற்பவரின் கணக்கு பல வருடப் பழையது, மதிப்பீடு கிட்டத்தட்ட முழு ஐந்து நட்சத்திரம்.

"இது இன்னும் இருக்கிறதா?" என்று தளமே தயாராக வைத்திருக்கும் கேள்வியை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "இருக்குங்க. ஆனா இந்த ஆப்ல நோட்டிஃபிகேஷன் சரியா வராது, வாட்ஸ்அப் வாங்க." வாட்ஸ்அப்பில் பேச்சு மரியாதையாகவே இருந்தது. முன்பணம் கேட்கவில்லை. வணிக வளாகத்தில் உள்ள ஒரு காபிக் கடையில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். கிளம்பும் நேரத்தில் செய்தி வந்தது: "எனக்கு வேலை வந்துடுச்சு அண்ணா, தம்பியை அனுப்புறேன். அவனுக்கும் அவசரம், பஸ் ஸ்டாப்லயே வாங்கிக்கோங்க."

தம்பி வந்தார். போனைச் சோதித்த பிறகு, செட்டிங்ஸில் மேலே, போன் இணைந்திருக்கும் ஆப்பிள் கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருப்பதைக் காட்டி, இந்தக் கணக்கை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது அக்காவோட ஐடி. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. நீங்க பணம் அனுப்பினதும் அவங்க வீட்டுலேருந்தே எடுத்துடுவாங்க" என்றார். அக்காவுக்கு போன் போட்டும் கொடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "ஆமாங்க, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுறேன்" என்றது.

இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். அவர்கள் சொன்னது தொழில்நுட்பப்படி உண்மை. ஐபோனை விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும், தொலைந்த போனைத் தேட ஆப்பிள் தரும் ஃபைண்ட் மை வசதி வழியாக உள்ளே போய் அந்தப் போனைத் தன் கணக்கிலிருந்து நீக்க முடியும். அப்படி ஒரு வசதி நிஜமாகவே இருப்பதால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. ஆனால் அதே பக்கத்தில், நீக்குவதற்கான வசதிக்குப் பக்கத்திலேயே, போன் தொலைந்துவிட்டதாகக் குறிக்கும் வசதியும் இருக்கிறது. பணம் போன பிறகு எதை அழுத்துவது என்பது முழுக்க அவர்கள் கையில்.

அவர்கள் அழுத்தியது இரண்டாவதை. இரவு சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தபோது, இது தொலைந்த ஐபோன் என்று திரையில் செய்தி நின்றது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினால் "iPhone Locked To Owner" என்ற திரையில் போய் நிற்கிறது. இதற்கு ஆக்டிவேஷன் லாக் என்று பெயர். சிம்மை மாற்றினாலும், கம்ப்யூட்டரில் போட்டு மென்பொருளைப் புதிதாக ஏற்றினாலும் இது போகாது. ஏனென்றால் பூட்டு போனுக்குள் மட்டும் இல்லை, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரிலும் பதிவாகியிருக்கிறது. தொலைந்ததாகக் குறிக்கப்படாத போனாக இருந்து, வாங்கிய பில்லும் இருந்தால் நிறுவனத்திடம் முறையிடலாம். என்னிடம் பில்லும் இல்லை, "தேடி அனுப்புறேன்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள். மார்க்கெட்பிளேஸில் விளம்பரம் காணாமல் போயிருந்தது. அங்கே நாங்கள் பேசியது நாலே வரி. விலை பேசியது, பில் தருவதாகச் சொன்னது, கணக்கை எடுத்துவிடுகிறேன் என்றது எல்லாம் வெளியே நடந்தவை. வாட்ஸ்அப்புக்கு இழுப்பது வசதிக்காக அல்ல என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தளத்துக்குள் நடந்த உரையாடல் அந்த விளம்பரத்தோடும் அந்தக் கணக்கோடும் சேர்ந்தே நிற்கும். புகார் செய்யும்போது தளத்தால் பார்க்க முடிவது அதை மட்டும்தான். வெளியே பேசியதற்கு நாம் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டுமே சாட்சி.

அப்புறம் அந்த நட்சத்திரங்கள். அதில்தான் எனக்கு அதிகக் கோபம். மதிப்பீடுகளுக்குக் கீழே இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். குழந்தைத் தொட்டில், கதைப் புத்தகங்கள், சின்னப் பிள்ளைகளின் துணிகள். எல்லாம் பழைய மதிப்பீடுகள். நடுவே நீண்ட இடைவெளி. இப்போது அதே கணக்கில் ஒரே வாரத்தில் ஏறிய விதவிதமான போன் விளம்பரங்கள். தொட்டில் விற்ற அம்மா திடீரென்று போன் வியாபாரி ஆனது எப்படி?

பழைய படங்களில் கருத்துப் போட்டிருந்த ஒரு தோழிக்கு எழுதினேன். அவர் மூலம் கணக்கின் உண்மையான சொந்தக்காரரிடம் பேச முடிந்தது. அவரும் ஏமாற்றப்பட்டவர். அவர் தொட்டிலை விற்கப் போட்டிருந்தபோது வாங்குவதாக ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். "இப்பல்லாம் ஃபேக் அக்கவுண்ட் ஜாஸ்திங்க. நீங்க நிஜ ஆளான்னு பார்க்க ஒரு கோட் அனுப்பியிருக்கேன், அதைச் சொல்லுங்க." வந்தது ஆறு இலக்க எண். அது அவருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதற்குத் தளம் அனுப்பிய எண். சொன்னதும் கணக்கு போய்விட்டது. அவர் பல வருடமாக நேர்மையாக விற்றுச் சேர்த்த நல்ல பெயரைக் காட்டித்தான் என்னிடம் போனை விற்றிருக்கிறார்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கத் தேவையே இல்லை, அதையும் சொன்னேன்.

நட்சத்திரம் கணக்கோடு ஒட்டியது. இன்று அந்தக் கணக்கை இயக்குபவர் யார் என்று அது சொல்லாது. நேரில் கைமாறும் பொருளில் உண்மையில் என்ன நடந்தது என்று தளத்துக்கும் தெரியாது. பணமும் பொருளும் அதன் வழியாகப் போவதில்லையே. இணைய வழியில் பணம் கட்டி வாங்குவதற்குத் தளங்கள் தரும் வாங்குபவர் பாதுகாப்பு, நேரில் சந்தித்து வாங்குவதற்குப் பெரும்பாலும் கிடைக்காததற்கும் இதுவே காரணம். ஆகவே எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, எதை விற்றதற்கு, எப்போது வந்தது என்று பாருங்கள். "விற்பவரின் மற்ற பொருட்கள்" பகுதியையும் திறந்து பாருங்கள். படத்தில் இருக்கும் ஆள் வராமல் தம்பி, மச்சான், டிரைவர் என்று வேறு ஒருவர் வந்தால் அந்த மதிப்பீட்டை மறந்துவிடுங்கள்.

சந்திக்கும் இடம் பற்றி எல்லோரும் சொல்வது சரிதான். வெளிச்சமான, கேமரா உள்ள, ஆட்கள் இருக்கும் இடம், கூட ஒருவர். காவல் நிலைய வாசலில் சந்திக்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது. இவை நம்மை அடிதடி, வழிப்பறியிலிருந்து காக்கும். எனக்கு நடந்ததிலிருந்து காக்காது. போன் வாங்குவதற்கு உட்கார ஒரு மேசை, வைஃபை, அரை மணி நேர அவகாசம் வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு இடத்தை மாற்றியதே இந்த மூன்றும் இல்லாமல் செய்வதற்குத்தான். கடைசி நேரத்தில் இடம் மாறினால் சந்திப்பை இன்னொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை மாறக் கூடாது. முதலில் *#06# அழுத்தினால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் வரும். அது செட்டிங்ஸில் இருப்பதோடும் பெட்டி, பில்லில் இருப்பதோடும் ஒத்துப்போக வேண்டும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, விற்பவரே தன் கடவுச்சொல்லைப் போட்டுக் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். பிறகு உங்கள் கண்முன் "Erase All Content and Settings" கொடுக்கச் சொல்லுங்கள். அழிந்து மீண்டும் தொடங்கியதும் வைஃபையில் இணைத்து முகப்புத் திரை வரை நீங்களே கொண்டுபோக வேண்டும். வழியில் பழைய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்டால் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். முகப்புத் திரை வந்த பிறகுதான் பணம்.

ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான். கூகுள் கணக்கை முதலில் நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்திருந்தால், தொடங்கும்போது பழைய கணக்கைக் கேட்கும். "எல்லாம் அழிச்சு ரெடியா வெச்சிருக்கேன்" என்று வரவேற்புத் திரையில் நிற்கும் போனை நீட்டினால், அந்தத் திரை எதையும் நிரூபிக்காது. வைஃபையில் இணைத்தால்தான் உண்மை தெரியும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒன்று. விளம்பரத்தின் இணைப்பு, விற்பவரின் கணக்கு இணைப்பு இரண்டையும் உடனே நகல் எடுத்து வையுங்கள். கணக்கின் பெயரையும் படத்தையும் நிமிடத்தில் மாற்றிவிடலாம், இணைப்பில் வரும் அடையாள எண் மாறாது. அதோடு ஐஎம்இஐ எண், பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்துக் காவல்துறையிலும் தளத்திலும் புகார் கொடுங்கள். வங்கிக்கும் அன்றே சொல்லுங்கள், நாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் திரும்புவது கடினம் என்றாலும். "பூட்டைத் திறந்து தருகிறேன்", "பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று எனக்குப் பல செய்திகள் வந்தன. எல்லோருமே முதலில் ஒரு கட்டணம் கேட்டார்கள். யாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்.

இப்போது வேறொரு போன் தேடிக்கொண்டிருக்கிறேன். தளம் தயாராக வைத்திருக்கும் கேள்வியை விட்டுவிட்டு இதை அனுப்புகிறேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "வணக்கம். கணக்கை எடுத்து, என் முன்னால் ரீசெட் செய்து, முகப்புத் திரை வந்ததும் அங்கேயே முழுப் பணமும் தருகிறேன். வைஃபை உள்ள இடத்தில் நீங்களே நேரில் வர முடியுமா? பேச்சு இங்கேயே இருக்கட்டும்." இதைப் படித்ததும் சிலர் பதிலே போடுவதில்லை. ஒருவர் மட்டும் "கண்டிப்பாங்க, பில்லும் எடுத்துட்டு வரேன்" என்று எழுதியிருக்கிறார். சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.