1,440 படம், அரை மாதச் சம்பளம், கையில் மிஞ்சியது குப்பை

ஸ்கேன் செய்து வந்த படக் கோப்புகளைத் திறந்து பார்த்து நாளாகிவிட்டது. இன்னும் கோபம் தணியவில்லை, எழுத்து முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா எடுத்த கலர் நெகட்டிவ் 40 ரோல். ரோலுக்கு 36 என்று 1,440 படங்கள். மொத்தமாக ஸ்கேன் செய்து, நெகட்டிவை பாசிட்டிவாக்கி, ஆரஞ்சு நிறத்தை நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஓர் ஆன்லைன் சேவை. பெயர் வேண்டாம். கேட்ட தொகை என் அரை மாதச் சம்பளம், அதுவும் முன்பணமாக.

நான் நம்பியதற்குக் காரணம் மாதிரிப் படங்கள். பத்தே பத்துப் படம் இலவசமாகச் செய்து காட்டினார்கள். தோலின் நிறம் அப்படியே உயிரோடு இருந்தது. அன்று மாலையே பணத்தைக் கட்டினேன். அந்தப் பத்தையும் யாரோ உட்கார்ந்து கையால் சரிசெய்திருக்கிறார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. மீதி 1,430-ஐயும் மென்பொருளின் 'ஆட்டோ'வில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

எப்படித் தெரிந்தது? கடலில் சூரியன் மறையும் ஒரு படம். வானம் சாம்பலாக இருந்தது. புல்வெளியில் தங்கை ஓடும் படத்தில் புல் வெளிறி, முகம் ஊதாச் சிவப்பு. ஒரே நிமிடத்தில் எடுத்த அடுத்தடுத்த இரண்டு படங்களில் தம்பியின் வெள்ளைச் சட்டை ஒன்றில் நீலம், மற்றதில் மஞ்சள். ஆட்டோ என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு படத்திலும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாக முழு அளவுக்கு இழுத்து விடுகிறது. படத்தில் எந்த நிறம் மிகுதியோ, அதையே கறை என்று நினைத்து அழிக்கிறது. அஸ்தமனத்தின் சிவப்பு போனது இப்படித்தான்.

ஆனால் ஆரஞ்சு படத்துக்குப் படம் மாறுவதில்லை. பிலிமின் சாயங்களில் உள்ள குறையை ஈடுகட்ட, தயாரிக்கும்போதே போட்ட முகமூடி அது. ஒரே ரோலை ஒரே தொட்டியில் கழுவியிருந்தால் 36 படங்களுக்கும் அதே அடிநிறம்தான். படங்களுக்கு நடுவே ஒளிபடாத ஓரத்தில் அதை ஒருமுறை அளந்து, ஸ்கேனரின் வெளிச்ச அளவை மாற்றாமல் வைத்தால் ரோல் முழுக்கச் செல்லும்.

கேட்டேன். முதல் பதில்: "பழைய நெகட்டிவ், சாயம் மங்கியிருக்கும்." அதே ரோலில் இருந்து நீங்கள் செய்து காட்டிய மாதிரிப் படம் நன்றாக இருக்கிறதே என்றேன். இரண்டாவது: "உங்கள் மானிட்டரைச் சரிபாருங்கள்." மூன்றாவது: "நிறம் அவரவர் ரசனை." சரி, திருத்தாத மூல ஸ்கேனையாவது கொடுங்கள் என்றால், அழித்தாயிற்றாம். மறுபடி செய்ய இன்னொரு முழுக் கட்டணம். இன்னோர் அரை மாதச் சம்பளம்!

கையில் இருப்பது 8-பிட் ஜேபெக். ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள், அடிநிறத்தை அளக்கவே வழியில்லை. நீலச் சேனலின் உச்சம் வெட்டுப்பட்டு 255-இல் தட்டையாக நிற்கிறது. இனி யாராலும் மீட்க முடியாது.

நெகட்டிவ் திரும்பி வந்ததால் நண்பரின் ஸ்கேனரில் ஒரு துண்டை 16-பிட், லீனியர் டிஃப்பாக எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் சிவப்பு 42000, பச்சை 21000, நீலம் 12000. படத்தில் ஒரு சாம்பல் நிறச் சுவரில் 14000, 6560, 3530. இவற்றை 65535-இலிருந்து வெறுமனே கழித்தால் நிழல்கூட நீலமாகிவிடும். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். அடிநிறத்தைச் சுவரின் எண்ணால் வகுத்தால் 3, 3.2, 3.4 வருகிறது. பிலிமின் மூன்று நிற அடுக்குகளின் கான்ட்ராஸ்டும் ஒன்றல்ல என்பதால்தான் இந்த வித்தியாசம். அதற்குப் பச்சை, நீலத்தின் அடுக்குக்குறியை 1-இலிருந்து சற்றுக் குறைத்தோம்; r, g, b என்பவை படத்தில் ஸ்கேனர் தரும் எண்கள்:

```
R = 42000 / r
G = (21000 / g) ^ 0.95
B = (12000 / b) ^ 0.90
```

மூன்றுமே ஏறக்குறைய 3, சுவர் சாம்பலானது. அதே எண்களை அந்தத் துண்டின் மற்ற படங்களுக்கும் போட்டோம். கடல் அஸ்தமனம் சிவப்பாகவே வந்தது. இருட்டான படங்களுக்கு வெளிச்சத்தை மட்டும் மூன்று சேனலிலும் சமமாகக் கூட்டினோம். வேறு பிலிம், வேறு ரோல் என்றால் திரும்ப அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கா அரை மாதச் சம்பளம் கொடுத்தேன்!

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், பொறுமை இல்லை. பத்துப் படம் வேண்டாம், ஒரு முழு ரோலை மாதிரியாகக் கேளுங்கள். ஓரத்தோடு 16-பிட் மூல ஸ்கேன் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் முழுசாகக் கட்டாதீர்கள். இன்னொரு கட்டணம் கேட்டதற்கு அப்புறம் நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை ஒரு வரி வரவில்லை.