வைர விளிம்பு எண்ணைப் படிக்க பத்து மடங்கு லூப்பா, இருபது மடங்கு லூப்பா?

வைரங்களை ஆராய்ந்து தர அறிக்கை தரும் ஜிஐஏ ஆய்வகம், வைரத்தின் கிர்டிலில், அதாவது மேற்பகுதியும் அடிப்பகுதியும் சந்திக்கும் மெல்லிய விளிம்பில், அறிக்கை எண்ணை லேசரால் பொறிக்கிறது. கல்லும் அறிக்கையும் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று பார்க்க அந்த எண்ணைப் படித்தாக வேண்டும். அரை கேரட் வட்ட வைரத்தின் விட்டம் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர்தான் என்பதால், எழுத்துகள் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

வைர வணிகத்தில் வழக்கமாகப் புழங்குவது பத்து மடங்கு டிரிப்ளெட் லூப், அதாவது மூன்று லென்சுகளை ஒட்டிய கை உருப்பெருக்கி. கல்லுக்கும் லென்சுக்கும் இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், இடுக்கியில் பிடித்த கல்லைச் சிறிது சிறிதாகச் சுழற்றவும், பக்கவாட்டு ஒளியை விளிம்பில் விழச் செய்யவும் வசதியாக இருக்கும். எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆனால் எண்ணை உறுதியாகப் படிக்கும்போது இது தடுமாறும். 3, 6, 8 மூன்றும் ஒரே வளைவாக மங்கித் தெரியும்.

இருபது மடங்கு லூப் அந்த வளைவுகளைப் பிரித்துக் காட்டும். அதற்கு ஈடாக இடைவெளி பாதியாகக் குறைவதால், லென்சின் நிழலே கல்லின் மேல் விழுகிறது. கை சிறிது அசைந்தாலும் எழுத்து மறைந்துவிடுகிறது. ஆகவே பத்து மடங்கில் இடத்தைக் கண்டுபிடித்து, இருபது மடங்கில் எண்ணைப் படிப்பதே என் முறை. மோதிரத்தில் பதித்த கல்லில் பற்கள் எண்ணை மறைத்திருந்தால் இரண்டு லூப்பும் பயன்படாது. நுண்ணோக்கியில் சாய்த்துப் பார்த்தால் ஓரிரு இலக்கங்கள் கிடைக்கலாம்.

படிப்பதற்கு முன் விளிம்பைப் பஞ்சில்லாத துணியால் துடைக்க வேண்டும், ஏனெனில் விரல் எண்ணெயே எழுத்தை மூடிவிடும். எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் 6 என்பது 9 ஆகத் தெரியும். எண்ணோடு ஜிஐஏ எழுத்துகளும் இருந்தால் அவை நேராக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எண் பொருந்திவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நான் அஞ்சும் தவறு. இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணை ஆய்வகத்தில் வளர்த்த கல்லில் போலியாகப் பொறித்த நிகழ்வுகளை ஜிஐஏவே அறிவித்திருக்கிறது. எனவே அறிக்கையில் 5.10 மில்லிமீட்டர் சராசரி விட்டம், 3.15 மில்லிமீட்டர் உயரம், 0.50 கேரட் என்றிருந்தால், அளவுமானியால் விட்டத்தையும் உயரத்தையும் அளக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை உயரத்தாலும் 0.0061 ஆலும் பெருக்கினால் 0.50 கிடைக்கிறது, பதித்த கல்லின் எடையைக்கூட இவ்வாறு மதிப்பிடலாம். பிறகு, அறிக்கையில் உள்குறைகளைக் குறித்த படம் இருந்தால், அவற்றை அதே பத்து மடங்கு லூப்பில், அதே இடத்தில் தேட வேண்டும். மிகத் திறமையாகப் பொருத்திய போலி இவற்றையும் தாண்டக்கூடும் என்பதால், ஐயம் எஞ்சினால் கல்லை ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும்.