1.8 ஈத்தர் எக்ஸ்சேஞ்சின் முகவரியிலேயே கிடக்கிறது, "வரவில்லை" என்கிறார்கள்

11 நாள் ஆகிவிட்டது. பெரிய எக்ஸ்சேஞ்ச் ஒன்று கொடுத்த டெபாசிட் முகவரிக்கு 1.8 ஈத்தர் போய்ச் சேர்ந்தாயிற்று. கணக்கில் மட்டும் ஏறவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. மூன்றில் இரண்டு கையெழுத்து தேவைப்படும் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் வாலட் அது. அதிலிருந்து அதே முகவரிக்கு முதலில் 50 யுஎஸ்டிசி அனுப்பிப் பார்த்தேன். சில நிமிடத்தில் ஏறியது. டெபாசிட் பக்கத்தில் காண்ட்ராக்ட் வாலட் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த 50 யுஎஸ்டிசியை நம்பித்தான் 1.8 ஈத்தரையும் அனுப்பினேன்.

எக்ஸ்சேஞ்சிடம் புகார் செய்தேன். முதல் பதில்: "கன்ஃபர்மேஷன் முடியட்டும்." முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது: "நீங்கள் தந்த ஹாஷில் தொகை 0, பெறுநர் முகவரியும் எங்களுடையது இல்லை." மூன்றாவது: "வாலட் நிறுவனத்தைக் கேளுங்கள்." அதோடு டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

அந்த இரண்டாவது பதிலில்தான் கோளாறே இருக்கிறது. இத்தகைய வாலட்டில் கையெழுத்திடுபவரின் சாதாரணக் கணக்கு, வாலட் காண்ட்ராக்ட்டின் `execTransaction`-ஐ அழைக்கிறது. வெளிப் பரிவர்த்தனையின் பெறுநர் அந்தக் காண்ட்ராக்ட், தொகை 0. ஈத்தர் நகர்வது அதற்குள் நடக்கும் அழைப்பில்:

```
to: <வாலட்>  value: 0x0
  CALL to: <டெபாசிட் முகவரி>
       value: 0x18fae27693b40000
```

அந்தப் பதினாறடிமான எண்தான் 1.8 ஈத்தர். யுஎஸ்டிசி நகர்ந்தால் டோக்கன் காண்ட்ராக்ட் `Transfer` என்ற பதிவை விடும். எத்தனை அடுக்குக்கு உள்ளே நடந்தாலும் அது லாகில் தெரியும். ஈத்தருக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. பிளாக்கில் `to`, `value` இரண்டை மட்டும் பார்க்கும் எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு இது படாது. பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் `debug_traceTransaction` போன்றதால் டிரேஸ் செய்து, உள் அழைப்பு ரிவர்ட் ஆகவில்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். கூடுதல் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகார் வந்த ஒரே ஒரு ஹாஷுக்குக்கூடவா செய்ய முடியாது? `eth_getBalance` கேட்டாலே 1.8 ஈத்தர் அங்கே இருப்பது தெரியும். அதன் சாவி அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. நானோ வாலட் நிறுவனமோ அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. காண்ட்ராக்ட் வாலட்டில் இருந்து நேராக எக்ஸ்சேஞ்சுக்கு ஈத்தர் அனுப்பாதீர்கள்; முதலில் உங்கள் சாதாரணக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து அனுப்புங்கள். டோக்கன் ஏறியதை வைத்து ஈத்தரும் ஏறும் என்று நம்பாதீர்கள், சோதனையை ஈத்தரிலேயே செய்யுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், ஹாஷை மட்டும் கொடுக்காமல் எக்ஸ்ப்ளோரரின் `Internal Txns` பக்கத்தையும் முகவரியின் இருப்பையும் சேர்த்து அனுப்பி, தொழில்நுட்பக் குழுவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மீட்டுத் தருகிறோம் என்று தனிச்செய்தியில் வருபவர்களிடம் சாவி இல்லை. பணம் கட்டிவிடாதீர்கள்.