நெய், கடலெண்ணெய், சாளை: மூன்று கொழுப்பையும் பிரித்து எழுதிய இரண்டு வருட அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக வந்தபோது, டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "மொத்தக் கொழுப்பைப் பார்க்காதீங்க, சாச்சுரேட்டட் எவ்வளவு போகுதுன்னு பாருங்க." நாங்கள் தூத்துக்குடி. காலையில் பொங்கலோ தோசையோ, அதற்கு நெய். மதியம் சோறு, மீன் குழம்பு, பொரித்த மீன். சமையல் எல்லாம் கடலெண்ணெயில். இதில் எது எவ்வளவு என்று பிரித்து எழுத ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. முதல் நான்கு மாதம் ஒரு கைப்பேசிச் செயலியில் எழுதினேன். அதன் பிறகு இன்றுவரை சொந்தமாகப் போட்ட ஷீட்டில் எழுதுகிறேன். எதனால் மாறினேன் என்பதிலிருந்தே சொல்கிறேன்.

ஒருநாள் ராத்திரி செயலியில் அன்றைய கணக்கைப் பார்த்தேன். அவர் தட்டுக்குப் போன மொத்தக் கொழுப்பு 62 கிராம். கீழே அதன் வகைகளாக, நிறைவுற்ற கொழுப்பான சாச்சுரேட்டட் 20.4, நிறைவுறாக் கொழுப்பின் இரண்டு வகைகளான மோனோ 12, பாலி 9 என்று இருந்தது. மூன்றையும் கூட்டினால் 41.4. மீதி 20 கிராம் எங்கே போனது?

கொஞ்சம் குறைவது சரிதான். எண்ணெயோ நெய்யோ, அது முழுக்கக் கொழுப்பமிலம் கிடையாது. மூன்று கொழுப்பமிலங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிசரால் என்ற பகுதியும் அந்த எடையில் இருக்கிறது. அதனால் சமையல் எண்ணெயிலும் நெய்யிலும் மூன்றின் கூட்டுத்தொகை மொத்தக் கொழுப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் வரும். கொழுப்பு மீனில் 90 சதவீதம்போல வரும். எங்கள் சாப்பாட்டுக்கு 93, 94 சதவீதம் வந்தால் கணக்கு சரி. அன்றைக்கு வந்தது 67.

ஒவ்வொரு பொருளாகத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. நெய்யையும் பாலையும் லேபிளை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன். நம் நாட்டு லேபிளில் மொத்தக் கொழுப்பு, சாச்சுரேட்டட், டிரான்ஸ் மூன்றும் கட்டாயம். மோனோவும் பாலியும் கட்டாயமில்லை. லேபிளில் இல்லாததைச் செயலி 0 என்று எடுத்துக்கொண்டது. நெய்யில் 100 கிராமுக்கு 29 கிராம்போல மோனோ இருக்கிறது, அது சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. சாளை மீன் இன்னும் மோசம். யாரோ ஒருவர் ஏற்றிய பதிவில் மொத்தக் கொழுப்பு மட்டும்தான் இருந்தது, மூன்று கட்டங்களும் காலி. மீனிலிருந்து வந்த சாச்சுரேட்டட்கூடக் கணக்கில் ஏறவில்லை. நான் கவனிக்க வேண்டிய எண்ணே குறைத்துக் காட்டியது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அன்றே ஷீட் போட்டேன். B-யில் சாப்பிட்ட கிராம், C-யில் மொத்தக் கொழுப்பு, D, E, F-இல் 100 கிராமுக்கான சாச்சுரேட்டட், மோனோ, பாலி. கூட்டுகிற கட்டத்தில் இப்படி:

```
=IF(COUNTBLANK(E2:E7)>0,"?",SUMPRODUCT($B2:$B7,E2:E7)/100)
```

ஒரு பொருளுக்கு எண் தெரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுவேன். அப்போது கூட்டுத்தொகை வராமல் கேள்விக்குறி வரும். தெரியாததும் பூஜ்யமும் ஒன்றில்லை. செயலிக்கும் ஷீட்டுக்கும் எனக்குத் தெரிந்த முக்கியமான வித்தியாசம் இதுதான்.

எண்களைப் பொருத்தவரை நெய்க்கு 62, 29, 4 என்றும், கடலெண்ணெய்க்கு 17, 46, 32 என்றும் வைத்திருக்கிறேன். விதையின் ரகத்தைப் பொறுத்துக் கடலெண்ணெயில் மோனோவும் பாலியும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நம் ஊர் உணவுகளுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பார்க்கிறேன். அதில் கொழுப்பமிலங்கள் மில்லிகிராமில் இருக்கும், 1000-ஆல் வகுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

இனி அளக்கிற கதை. நெய்யை ஸ்பூன் கணக்கில் எழுதாதீர்கள். உருகிய நெய் ஒரு டீஸ்பூன் மட்டமாக எடுத்தால் நாலரை கிராம். மார்கழியில் உறைந்த நெய்யை அதே ஸ்பூனில் கோபுரமாக அள்ளியபோது 10 கிராம் காட்டியது. இப்போது நெய் ஜாடியையே தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, எடுக்கிறேன். "-8" என்று காட்டினால் 8 கிராம் எடுத்திருக்கிறேன். கழுவ வேண்டிய கிண்ணமும் மிச்சம். பொங்கல் மாதிரிப் பானையில் கலக்கும் நெய்க்கு, பானையிலிருக்கும் பொங்கலின் எடையையும் அவர் தட்டின் எடையையும் எடுத்துப் பங்கு போடுகிறேன்.

பொரிக்கிற எண்ணெய்தான் ரொம்ப நாள் என்னைக் குழப்பியது. முதலில் ஊற்றிய எண்ணெய் முழுவதையும் எழுதினேன், தப்பு. பிறகு பொரித்து ஆறியதும் மிச்சத்தை மசாலாத் தூள் இல்லாமல் வடிகட்டி நிறுத்துக் கழித்தேன். 60 கிராம் ஊற்றி 30 மிஞ்சினால் 30 கிராம் மீனோடு போயிருக்கிறது, அதைத் துண்டுக்குத் துண்டு பிரிப்பேன். இது விளமீனுக்கு அழகாக ஒத்துவந்தது. சாளைக்கு ஒத்துவரவில்லை. ஒருமுறை 60 ஊற்றி 45 மிஞ்சியது. சாளை எண்ணெய் குடிக்காதா என்ன? குடிக்கத்தான் செய்தது. ஆனால் தன் கொழுப்பையும் சட்டியில் விட்டுவிட்டது. மிஞ்சிய எண்ணெயை முகர்ந்தாலே மீன் வாடை தூக்கும். அதனால் கொழுப்புச் சாளை பொரித்த நாளில் மொத்தக் கொழுப்பு சரியாக இருக்கும். கடலெண்ணெய்க்கும் மீனுக்கும் நடுவிலான பங்கீடு கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும். வீட்டில் இதைத் திருத்த வழியில்லை. அவருக்குச் சாளையைக் குழம்பில் மட்டும் கொடுக்கிறேன், பொரிப்பதற்கு வேறு மீன். குழம்பில் இறங்கும் கொழுப்பு குழம்போடே வயிற்றுக்குள் போய்விடும், கணக்கு உதைக்காது.

சாளையின் கொழுப்பு வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதை எனக்கு முதலில் சொன்னது மீன் விற்கும் அக்கா. "இப்ப சாளை நெய் வச்சிருக்கு தாயீ, எண்ணெயக் கொறச்சு ஊத்து" என்றார். முட்டையிட்டு மெலிந்த காலத்தில் 100 கிராம் சதைக்கு 3, 4 கிராம்தான் கொழுப்பு இருக்கும். கொழுத்த காலத்தில் 12 கிராம், அதற்கு மேலும் போகும். அறுக்கும்போதே தெரியும்: வயிற்றுக்குள் குடலை ஒட்டி வெள்ளையாகப் படை இருக்கும், கை வழுவழுவென்று ஆகிவிடும், மறுநாள் குழம்பின் மேல் தெளிந்த எண்ணெய் நிற்கும். அதனால் ஷீட்டில் சாளைக்கு இரண்டு வரி: மெலிந்தது 4 கிராம், கொழுத்தது 12 கிராம். கொழுத்ததற்கு சாச்சுரேட்டட் 4.1, மோனோ 2.8, பாலி 3.9 என்றும், மெலிந்ததற்கு 1.4, 0.9, 1.3 என்றும் தோராயமாக வைத்திருக்கிறேன்.

செயலிகளில் 'சார்டின்' என்று தேடினால் வரும் பதிவைப் பார்த்து எடுங்கள். பெரும்பாலும் அது எண்ணெயில் அடைத்த டப்பா மீன். அதில் காட்டும் பாலியில் பாதிக்கு மேல் டப்பாவில் ஊற்றிய சோயா எண்ணெயுடையது, மீனுடையது அல்ல. மீன் எடையும் தலை, முள், குடல் எல்லாம் நீக்கி, வேகாத சதையாக எழுத வேண்டும். வெந்தால் தண்ணீர் வற்றி எடை குறையும். பச்சை மீனுக்கான எண்களை வெந்த எடையில் போட்டால் குறைத்துக் காட்டும்.

அந்த 62 கிராம் நாளையே திருத்திப் போட்டேன். பால் 200 கிராம், நெய் 12, கடலெண்ணெய் 24, குழம்புக்கு அரைத்ததில் அவர் பங்குத் தேங்காய் 15, கொழுத்த சாளைச் சதை 100, சோறும் பருப்பும் சேர்ந்து 3 கிராம் கொழுப்பு. சாச்சுரேட்டட் 24.5, மோனோ 20, பாலி 13.6 வந்தது. கூட்டினால் 58.1, மொத்தத்தில் 94 சதவீதம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதே நாளை மெலிந்த சாளையாகப் போட்டால் சாச்சுரேட்டட் 21.8-ஆக இறங்கும்.

2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு என்றால் சாச்சுரேட்டட் 22 கிராம். 24.5 அதைத் தாண்டுகிறது. செயலி காட்டிய 20.4 தாண்டவில்லை. நான்கு மாதம் "பரவாயில்லை" என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த 24.5 எங்கிருந்து வருகிறது என்று பிரித்ததில் வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். நெய் 7.4. கடலெண்ணெயும் சாளையும் தலா 4.1, சேர்த்து 8.2. அந்த 15 கிராம் தேங்காய் மட்டும் 4.5. "நெய்ய மட்டும் நிறுத்திட்டாப் போதும்னு சொன்னியே" என்றார் அத்தை. நெய்யை முழுக்க நிறுத்தியிருந்தாலும் 17 கிராம் மிச்சம் இருக்கும். நாங்கள் நெய்யை 12-லிருந்து 6 கிராமாக்கினோம், அரைக்கும் தேங்காயைப் பாதியாக்கினோம். சாளையில் கை வைக்கவில்லை.

அதற்குக் காரணம் பாலியை இரண்டாகப் பிரித்ததில் தெரிந்தது. கடலெண்ணெயின் பாலி 7.7 கிராமும் ஏறக்குறைய முழுக்க ஒமேகா 6 வகை லினோலெயிக் அமிலம்; அதில் ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம். சாளையின் பாலியில் பெரும்பகுதி ஒமேகா 3. 13.6 என்று ஒரே எண்ணாக வைத்திருந்தால் இது வெளியே தெரியாது. இப்போது பாலிக்குப் பக்கத்தில் G என்று ஒரு பத்தி, மீனிலிருந்து வந்த பாலிக்கு மட்டும்.

தினமும் இதைச் செய்வதில்லை. முதல் ஆறு மாதம் தினமும் எழுதினேன். இப்போது மாதத்தில் மூன்று நாள்: மீன் நாள் ஒன்று, சைவ நாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஒரு நாளைக்கு எழுதப் பத்து நிமிடம், நிறுக்கத்தான் கூடுதல் பொறுமை வேண்டும். வெளியே சாப்பிட்ட நாளில் என்ன எண்ணெய் என்று தெரியாது, அதனால் அந்த வரி காலி, கூட்டுகிற கட்டத்தில் கேள்விக்குறி. கல்யாண மாதமான போன மாதத்தில் மூன்று நாளில் இரண்டு நாள் அப்படித்தான் நிற்கிறது.